ஸ்மார்ட் ஒப்பந்த முகவரிக்குப் போய்ச் சிக்கிய டோக்கன்களை மீட்க முடியுமா?

எத்திரியம் போன்ற ஒரு பிளாக்செயினில், ஒருவர் தம் வாலட்டிலிருந்து டோக்கன்களை ஒரு ஸ்மார்ட் ஒப்பந்தத்தின் முகவரிக்கு நேரடியாக அனுப்பிவிடுகிறார். திரையில் பரிவர்த்தனை வெற்றி என்று வருகிறது, இருப்பும் குறைந்துவிடுகிறது, ஆனால் எதிர்பார்த்தது எதுவும் திரும்பி வருவதில்லை. இதில் எதுவும் பழுதாகவில்லை என்பதே முதலில் புரிந்துகொள்ள வேண்டியது. வலையமைப்பு தன்னிடம் சொன்னதைச் சொன்னபடி செய்துமுடித்திருக்கிறது. அந்த டோக்கன்களை இனி யாராவது வெளியே எடுக்க முடியுமா என்பது, அனுப்பியவரின் நிலைமையையோ தொகையின் அளவையோ பொறுத்ததன்று. பெறும் ஒப்பந்தத்தின் நிரலில் வெளியேறும் வழி ஒன்று எழுதப்பட்டிருக்கிறதா, எழுதப்பட்டிருந்தால் அதைத் திறக்கும் உரிமை யாருக்கு இருக்கிறது என்ற இரண்டையுமே அது பொறுத்திருக்கிறது.

இதை விளங்கிக்கொள்ள, டோக்கன் என்பது உண்மையில் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். எத்திரியத்தில் பெரும்பாலான டோக்கன்கள் 2015-ஆம் ஆண்டு முன்மொழியப்பட்ட ERC-20 என்னும் தரத்தைப் பின்பற்றுபவை. இத்தகைய டோக்கன் எதுவும் நம் வாலட்டுக்குள் வந்து உட்காருவதில்லை. டோக்கனை வெளியிட்ட ஒப்பந்தம் ஒரு பேரேட்டை வைத்திருக்கிறது, அதில் எந்த முகவரிக்கு எவ்வளவு என்று எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். அனுப்புதல் என்பது அந்தப் பேரேட்டில் ஓரிடத்தில் கழித்து வேறோரிடத்தில் கூட்டுவது. எளிமையாக்கி எழுதினால் அந்த நிரல் இப்படி இருக்கும்:

```solidity
function transfer(address to, uint256 amount) public returns (bool) {
    balances[msg.sender] -= amount;
    balances[to] += amount;
    emit Transfer(msg.sender, to, amount);
    return true;
}
```

இந்த வரிகளில் `to` என்ற முகவரியைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். அது ஒரு மனிதரின் வாலட்டா, ஒப்பந்தமா, ஒப்பந்தம் என்றால் இந்த டோக்கனை வைத்துக்கொண்டு என்ன செய்ய வேண்டும் என்று அதற்குத் தெரியுமா என்பவை எவையும் சோதிக்கப்படுவதில்லை. பெறும் ஒப்பந்தத்திற்குத் தகவல்கூடப் போவதில்லை. தன் பெயரில் ஒரு தொகை வரவு வைக்கப்பட்டதே அதற்குத் தெரியாது. எத்திரியத்தின் சொந்த நாணயமான ஈதரை அனுப்பும்போது நடப்பது வேறு: அப்போது பெறும் ஒப்பந்தத்தின் நிரல் இயங்குகிறது, ஈதரை ஏற்க அது எழுதப்படவில்லை என்றால் பரிவர்த்தனை தோல்வியடைந்து ஈதர் அனுப்பியவரிடமே நின்றுவிடுகிறது. ஈதரில் கிடைக்கும் இந்தப் பாதுகாப்பு டோக்கன்களிலும் இருக்கும் என்று நினைத்துவிடுவதே பலரும் தடுக்கி விழும் இடம்.

அடுத்து, அனுப்பிய தொகையைத் திருப்பி எடுப்பதற்கு யாரால் முடியும்? மேலே உள்ள `msg.sender` என்பது அந்த நிரலை அழைத்தவரின் முகவரி. ஆகவே ஓர் இருப்பைக் குறைக்க வேண்டுமானால் அந்த இருப்புக்கு உரிய முகவரியே அழைக்க வேண்டும், அல்லது அது `approve` மூலம் வேறொருவருக்கு முன்கூட்டியே அனுமதி தந்திருக்க வேண்டும். மனிதரின் வாலட் என்றால் தனித்திறவுகோலை வைத்துக் கையொப்பமிட்டு அழைக்கிறது. ஒப்பந்தத்தின் முகவரிக்கோ தனித்திறவுகோல் என்ற ஒன்றே இல்லை. அந்த முகவரி, ஒப்பந்தத்தை நிறுவியவரின் முகவரி முதலிய சில தரவுகளிலிருந்து கணக்கிட்டு எடுக்கப்பட்ட எண் மட்டுமே. நிறுவியவரிடம்கூட அதற்கான திறவுகோல் இருக்காது. எனவே ஒப்பந்தம் தன் நிரலில் எழுதியிருப்பதை மட்டுமே செய்யும். "இந்த டோக்கனை இன்னாருக்கு அனுப்பு" என்ற பொருள்பட ஒரு வரியேனும் அதில் இல்லை என்றால், இருப்பு பேரேட்டில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி அப்படியே நிற்கும், யாராலும் தொட முடியாது.

ஒரு நிகழ்வை எடுத்துப் பார்ப்போம்

ஒருவரிடம், ஒன்று ஏறக்குறைய ஒரு டாலர் பெறும் USDT என்னும் டோக்கன் 1,200 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை WETH ஆக மாற்ற விரும்புகிறார். WETH என்பது ஈதரை ERC-20 வடிவத்தில் பொதிந்து தரும் டோக்கன். அதன் ஒப்பந்த முகவரியை ஒரு பக்கத்திலிருந்து எடுத்து, வாலட்டில் பெறுநர் இடத்தில் ஒட்டி, 1,200 USDT-ஐ அனுப்பிவிடுகிறார். அந்த முகவரிக்கு அனுப்பினால் பதிலுக்கு WETH வரும் என்பது அவர் எண்ணம். இந்த எண்ணத்திற்கு ஓர் அடிப்படையும் உண்டு: அதே முகவரிக்கு ஈதரை அனுப்பினால், அந்த ஒப்பந்தம் அதை வைப்பாக எடுத்துக்கொண்டு அதே அளவு WETH-ஐ அனுப்பியவர் பெயரில் உண்மையிலேயே வரவு வைக்கிறது. ஈதருக்கு நடப்பது USDT-க்கு நடப்பதில்லை.

இப்போது ஈதர்ஸ்கேன் போன்ற ஒரு பிளாக் உலாவியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால், தொடக்கநிலையாளரைக் குழப்பும் ஒன்று கண்ணில் படும். பரிவர்த்தனையின் பெறுநர் என்று மேலே காட்டப்படுவது WETH ஒப்பந்தம் அன்று, USDT ஒப்பந்தம். நாம் பேசியது USDT-இன் பேரேட்டிடம்தான், அதனால் அப்படித்தான் காட்டும். டோக்கன் உண்மையில் யாருக்குப் போனது என்பது உள்ளீட்டுத் தரவில் இருக்கிறது. அதைப் பிரித்து எழுதினால்:

```
0xa9059cbb
000000000000000000000000c02aaa39b223fe8d0a0e5c4f27ead9083c756cc2
0000000000000000000000000000000000000000000000000000000047868c00
```

முதல் வரி `transfer` என்னும் செயல்பாட்டின் அடையாளக் குறி. இரண்டாவது வரி பெறுநர், அதாவது WETH ஒப்பந்தத்தின் முகவரி. மூன்றாவது வரி பதினாறடிமான எண்ணில் தொகை: 47868c00 என்பது நூற்று இருபது கோடி. USDT-க்கு ஆறு தசம இடங்கள் என்பதால், பத்து லட்சத்தால் வகுத்தால் 1,200 கிடைக்கிறது. கையால் பிரித்துப் பார்க்க விரும்பாதவர்கள், அதே பக்கத்தில் பதிவாகியிருக்கும் `Transfer` நிகழ்வைப் பார்த்தாலே போதும், அனுப்பியவர், பெற்றவர், தொகை மூன்றும் அதில் இருக்கும். மீட்பைப் பற்றி யோசிக்கும் முன் இந்த மூன்றையும் உறுதிசெய்துகொள்வது அவசியம், ஏனென்றால் மேலே காட்டப்படும் பெறுநரைப் பார்த்துவிட்டு, டோக்கன் USDT ஒப்பந்தத்திலேயே சிக்கிவிட்டது என்று தவறாக எண்ணி, தொடர்பில்லாத இடத்தில் போய் முறையிடுகிறவர்கள் உண்டு.

அடுத்தது, பெற்ற ஒப்பந்தத்தைத் திறந்து பார்ப்பது. உலாவியில் WETH ஒப்பந்தத்தின் பக்கத்தில் `Contract` என்ற தாவலுக்குள் `Write Contract` என்ற பகுதி உண்டு. வெளியிலிருந்து அழைத்து நிலையை மாற்றக்கூடிய எல்லாச் செயல்பாடுகளும் அங்கே பட்டியலாக வரும். WETH விஷயத்தில் அந்தப் பட்டியல் மிகச் சிறியது: `approve`, `transfer`, `transferFrom`, `deposit`, `withdraw`. இவற்றில் `transfer` என்ற பெயரைப் பார்த்ததும் நம்பிக்கை பிறக்கலாம், ஆனால் அது WETH-இன் சொந்தப் பேரேட்டை மட்டுமே மாற்றும், USDT-இன் பேரேட்டைத் தொடாது. `withdraw` அழைத்தவரின் WETH இருப்பைக் குறைத்து அவருக்கு ஈதரைத் தரும். வேறொரு டோக்கன் ஒப்பந்தத்தை அழைக்கும் வரி இதில் எங்குமே இல்லை. உரிமையாளர் என்ற பொறுப்பும் இல்லை, நிரலைப் பின்னர் மாற்றும் ஏற்பாடும் இல்லை. இந்த ஒப்பந்தத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் கதவு என்று ஒன்று கட்டப்படவே இல்லை.

இதே ஒப்பந்தத்தில் இன்னும் பெரிய இழப்பு 2022 ஜனவரி இறுதியில் பரவலாகப் பேசப்பட்டது. ஒருவர் சுமார் 195 WETH-ஐ, அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 5 லட்சம் டாலரை, WETH ஒப்பந்தத்தின் முகவரிக்கே அனுப்பினார். ஈதரை அனுப்பினால் WETH வருகிறது என்றால் WETH-ஐ அனுப்பினால் ஈதர் வரும் என்பது அவருடைய கணக்கு. உண்மையில் அவர் `withdraw`-ஐ அழைத்திருக்க வேண்டும். அனுப்பியதன் விளைவாக, WETH-இன் பேரேட்டில் WETH ஒப்பந்தத்தின் பெயரிலேயே 195 கூடியது. அதை எடுக்க வேண்டுமானால் அந்த ஒப்பந்தமே தன்னைத்தானே அழைத்து `withdraw` செய்ய வேண்டும், அப்படி ஒரு வரி நிரலில் இல்லை. அந்த WETH-க்கு ஈடான ஈதரும் அதே ஒப்பந்தத்தில் பத்திரமாக இருக்கிறது என்பதுதான் இதில் வேதனையான விவரம். குறைந்தது ஒன்றுமில்லை, எடுக்க வழிதான் இல்லை.

பெறும் ஒப்பந்தத்தில் வழி இருந்தால்

எல்லா ஒப்பந்தங்களும் WETH போல மூடியவை அல்ல. தவறி வரும் டோக்கன்களை எடுத்துக் கொடுப்பதற்கென்றே ஒரு செயல்பாட்டைச் சிலர் எழுதி வைக்கிறார்கள். பெயர் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும், `rescueERC20`, `recoverERC20`, `withdrawToken` என்பன போன்றவை வழக்கம். உள்ளே இருப்பது ஏறக்குறைய இவ்வளவுதான்:

```solidity
function rescueERC20(address token, address to, uint256 amount)
    external onlyOwner
{
    IERC20(token).transfer(to, amount);
}
```

`onlyOwner` என்ற சொல்லே இங்கே முக்கியமானது. வழி இருக்கிறது, ஆனால் திறவுகோல் உரிமையாளரிடம். ஆகவே `Read Contract` பகுதியில் `owner` என்பதை அழைத்து, வரும் முகவரி என்ன என்று பார்க்க வேண்டும். முழுவதும் சுழியங்களாக வந்தால் உரிமையாளர் தம் உரிமையைத் துறந்துவிட்டார் என்று பொருள், செயல்பாடு இருந்தும் பயன் இல்லை. பல டோக்கன்கள் தாம் நம்பகமானவை என்று காட்டுவதற்காகவே இப்படி உரிமையைத் துறந்துவிட்டதாக விளம்பரம் செய்கின்றன. அந்த நம்பகத்தன்மைக்கு இதுவும் ஒரு விலை. உயிருள்ள முகவரி வந்தால், அந்தத் திட்டத்தை நடத்துபவர்களை அணுகிக் கேட்கலாம். அவர்கள் செய்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. உரிமையாளர் முகவரி பலர் கையொப்பமிட வேண்டிய கூட்டு வாலட்டாக இருந்தால், உங்கள் ஒருவருக்காக அத்தனை பேரும் கூடிக் கையொப்பமிட வேண்டும். சிறிய தொகைக்கு அது நடப்பது அரிது.

மீட்புச் செயல்பாடு இருந்தும் உங்கள் டோக்கனுக்கு அது பொருந்தாமல் போகலாம் என்பதையும் சொல்ல வேண்டும். சிந்தெடிக்ஸ் என்னும் திட்டத்தினர் எழுதி, பின்னர் பலரும் படியெடுத்துப் பயன்படுத்திய `StakingRewards` என்னும் வைப்பு ஒப்பந்தத்தில் `recoverERC20` உண்டு. ஆனால் மக்கள் வைப்பு வைக்கும் அதே டோக்கனை மட்டும் எடுக்க முடியாதபடி அதில் தடை வைத்திருக்கிறார்கள். காரணம் நியாயமானது. அந்தத் தடை இல்லாவிட்டால் உரிமையாளர் ஒரே அழைப்பில் எல்லோருடைய வைப்பையும் எடுத்துக்கொண்டு போய்விடலாம். ஆனால் மக்கள் அந்த முகவரிக்கு மிகுதியாகத் தவறி அனுப்புவது, `stake` செய்வதற்குப் பதிலாக நேரடியாக அனுப்பிவிடும் அதே வைப்பு டோக்கனைத்தான். ஒப்பந்தத்தின் கணக்கில் அது யாருடைய வைப்பாகவும் பதிவாவதில்லை, மீட்புச் செயல்பாடும் அதைத் தொட மறுக்கிறது. கொள்ளையைத் தடுக்கும் வரியே மீட்பையும் தடுப்பதால், எழுதியவர்களைக் குறைசொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

மீட்புச் செயல்பாடே இல்லாமல், ஆனால் நிரலை மேம்படுத்தும் ஏற்பாட்டோடு நிறுவப்பட்ட ஒப்பந்தங்களும் உண்டு. இவற்றில் நாம் அனுப்பும் முகவரியில் இருப்பது ஓர் இடைநிலை ஒப்பந்தம், உண்மையான நிரல் வேறோர் இடத்தில் இருக்கிறது, நிர்வாகி அந்த இடத்தை மாற்றலாம். உலாவியில் `Write as Proxy` என்ற பகுதி தென்பட்டால் பெரும்பாலும் இந்த வகை. கோட்பாட்டளவில், மீட்புச் செயல்பாடு ஒன்றைச் சேர்த்த புதிய நிரலை நிர்வாகிகள் நிறுவலாம். நடைமுறையில் ஒவ்வொரு மேம்படுத்தலும் தணிக்கை, வாக்கெடுப்பு, காத்திருப்புக் காலம் என்று நீளும். ஒருவரின் 1,200 டாலருக்காக அதைத் தொடங்க மாட்டார்கள். வேறு காரணத்துக்காக மேம்படுத்தல் வரும்போது, குவிந்து கிடக்கும் பலருடைய டோக்கன்களையும் சேர்த்துத் தீர்த்துவைப்பது நடக்கக்கூடியதே.

பரிமாற்றகம் ஒன்று உங்களுக்குத் தந்த வைப்பு முகவரியும் சில நேரம் ஓர் ஒப்பந்தமாக இருக்கும். அந்தப் பரிமாற்றகம் ஆதரிக்காத டோக்கனை அங்கே அனுப்பிவிட்டால் கணக்கில் வராது, ஆனால் அவ்வகை ஒப்பந்தங்கள் எந்த டோக்கனையும் தலைமை வாலட்டுக்கு நகர்த்தும் வழியோடுதான் பொதுவாக எழுதப்படுகின்றன. முடிவு அவர்களுடைய விதிமுறைகளையும் கட்டணத்தையும் பொறுத்தது.

வழி எல்லோருக்கும் திறந்திருந்தால்

இது விசித்திரமான வகை. டோக்கனை எடுக்கும் செயல்பாடு இருக்கிறது, ஆனால் யார் வேண்டுமானாலும் அதை அழைக்கலாம். டோக்கன்களை மாற்றிக்கொள்ள உதவும் யூனிஸ்வாப் என்னும் சேவையின் இரண்டாம் பதிப்பில், இரண்டு டோக்கன்களை மாற்றிக்கொள்ளும் ஒவ்வொரு இணை ஒப்பந்தத்திலும் `skim` என்ற செயல்பாடு இருக்கிறது. அந்த ஒப்பந்தம் தன்னிடம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைத் தனியே குறித்து வைத்துக்கொள்கிறது. டோக்கன் பேரேட்டில் இருப்பது அந்தக் குறிப்பைவிட மிகுந்திருந்தால், `skim`-ஐ அழைப்பவர் குறிப்பிடும் முகவரிக்கு அந்த மிகுதியை அனுப்பிவிடும். அனுப்பியவர் நீங்களா என்று அது கேட்பதில்லை. மூன்றாம் பதிப்பின் வழிநடத்து ஒப்பந்தத்தில் உள்ள `sweepToken` என்பதும் இதே போன்றது, அந்த ஒப்பந்தத்தில் தங்கிவிட்ட டோக்கனை அழைப்பவர் சொல்லும் முகவரிக்கு அனுப்பும்.

அப்படியென்றால் எளிதாயிற்றே என்று தோன்றும். சிக்கல் என்னவென்றால், இத்தகைய மிகுதிகளைத் தேடிக்கொண்டே இருக்கும் தானியங்கி நிரல்கள் வலையமைப்பில் ஏராளம். உங்கள் தவறான பரிவர்த்தனை பதிவான அடுத்த பிளாக்கிலேயே அவை எடுத்துவிடக்கூடும். அதோடு, இணை ஒப்பந்தத்தில் வேறு யாராவது ஒரு பரிமாற்றம் செய்தாலே அதன் குறிப்பு புதிய இருப்புக்கு ஏற்பத் திருத்தப்பட்டுவிடும். அதற்குப் பின் `skim` செய்ய மிகுதி என்று எதுவும் இருக்காது, உங்கள் தொகை அந்த இணைக்கு நிதி அளித்த எல்லோருக்கும் பங்காகிவிடும். பரபரப்பான இணையில் இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. எவரும் தொடாத, ஓய்ந்துபோன இணையில் மட்டும் தொகை இன்னும் நிற்கக்கூடும். அப்போதும் மீட்பு அழைப்பைப் பொதுவெளியில் அனுப்பினால், காத்திருப்பு வரிசையைக் கண்காணிப்பவர்கள் அதைப் படியெடுத்து, பெறுநர் முகவரியை மட்டும் தம்முடையதாக மாற்றி, கூடுதல் கட்டணத்தோடு முந்திவிடுவார்கள். பொதுவரிசைக்குப் போகாமல் பிளாக் அமைப்பவர்களிடம் நேரடியாகக் கொண்டு சேர்க்கும் தனிவழிச் சேவைகள் இருக்கின்றன, ஃபிளாஷ்பாட்ஸ் அவற்றில் அறியப்பட்டது. இவ்வகை மீட்பை முயல்பவர்கள் அந்த வழியையே பயன்படுத்த வேண்டும்.

டோக்கனை வெளியிட்டவரின் பக்கம்

நம் 1,200 USDT-க்குத் திரும்புவோம். பெற்ற ஒப்பந்தத்தில் வழி இல்லை. ஆனால் இருப்பு எழுதப்பட்டிருக்கும் பேரேடு USDT ஒப்பந்தத்தினுடையது, அதற்கு ஓர் உரிமையாளர் உண்டு, அவர் டெதர் நிறுவனம். அந்த ஒப்பந்தத்தின் நிரலில் ஒரு முகவரியை முடக்கும் `addBlackList`, முடக்கிய முகவரியின் இருப்பை அழிக்கும் `destroyBlackFunds`, புதிதாக வெளியிடும் `issue` என்ற மூன்றும் இருக்கின்றன. ஆகவே சிக்கிய இருப்பை அழித்து அதே அளவு புதிய டோக்கனை உரியவருக்குத் தருவது தொழில்நுட்பப்படி சாத்தியம். 2020 செப்டம்பரில், டீஃபை எனப்படும் மையமற்ற நிதிச் சேவை ஒன்றின் ஒப்பந்த முகவரிக்குத் தவறாகப் போன 10 லட்சம் USDT-ஐ மீட்டுக் கொடுத்ததாக அந்த நிறுவனம் அறிவித்தது.

இதற்கும் ஓர் எல்லை உண்டு, அது நிரலிலேயே தெரிகிறது. `destroyBlackFunds` ஒரு தொகையைக் கேட்பதில்லை, முகவரியின் இருப்பு முழுவதையும் சுழியாக்குகிறது. WETH ஒப்பந்தம் USDT-ஐ எதற்கும் பயன்படுத்துவதில்லை, அங்கே இருக்கும் USDT எல்லாமே யாரோ தவறி அனுப்பியவைதாம் என்பதால், அழித்தால் வேறு யாருக்கும் கேடில்லை. யாருக்கு எவ்வளவு என்பதைப் பழைய பதிவுகளிலிருந்து கணக்கிடலாம். அதே தவறு ஒரு கடன் சேவையின் USDT பெட்டகத்தில் நடந்திருந்தால், அங்கே ஆயிரக்கணக்கானவர்களின் வைப்பும் அதே முகவரியில் கலந்திருக்கும், அதைத் தொட எந்த வெளியீட்டாளரும் துணிய மாட்டார். எனவே வெளியீட்டாளரிடம் கேட்கும் முன், பெற்ற முகவரி அந்த டோக்கனை இயல்பாகவே வைத்திருக்கும் முகவரியா என்று பார்த்துக்கொண்டால் பதில் எப்படி இருக்கும் என்பதை ஓரளவு ஊகிக்கலாம். வழி இருக்கிறது என்பதாலேயே 1,200 டாலருக்கு அதைச் செய்வார்கள் என்றும் எண்ண வேண்டாம். அது அந்நிறுவனத்தின் விருப்பத்தையும் அதன் நிபந்தனைகளையும் பொறுத்தது.

சர்க்கிள் நிறுவனத்தின் USDC வேறு விதமாகக் கையாண்டது. அந்த டோக்கனை அதன் சொந்த ஒப்பந்த முகவரிக்கே அனுப்பிவிடுவது பலரும் செய்த தவறு. ஒப்பந்தத்தின் 2.1 பதிப்பு மேம்படுத்தலில், அதுவரை அப்படிச் சேர்ந்திருந்த முழு இருப்பும் இழந்தவற்றுக்கென ஒதுக்கிய ஒரு முகவரிக்கு மாற்றப்பட்டது, ஒப்பந்தத்தின் சொந்த முகவரியும் முடக்கப்பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதனால் இப்போது யாராவது அதே தவறைச் செய்ய முயன்றால் பரிவர்த்தனை தோல்வியடையும். உரிமையாளரும் மேம்படுத்தலும் இல்லாத டோக்கன்களில் இவற்றில் எதுவும் நடக்க வழியில்லை. மையப்படுத்தப்பட்ட அதிகாரம் கூடாது என்று விரும்பி வாங்கிய டோக்கனில், தவறைத் திருத்தும் அதிகாரமும் யாரிடமும் இருக்காது.

வலையமைப்பே தலையிட்டு மாற்றினால் என்ன என்று சிலர் கேட்பதுண்டு. டாவோ என்னும் கூட்டு முதலீட்டு ஒப்பந்தத்திலிருந்து ஈதர் களவுபோன நிகழ்வுக்காக, 2016 ஜூலையில் எத்திரியம் ஒருமுறை அப்படிச் செய்தது உண்மை. ஆனால் 2017 நவம்பரில் பாரிட்டி வாலட்டின் பொதுநூலக ஒப்பந்தம் அழிக்கப்பட்டு 5 லட்சத்து 13 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஈதர் உறைந்தபோது, அதை விடுவிக்க எழுந்த EIP-999 என்னும் முன்மொழிவு ஏற்கப்படவில்லை. அவ்வளவு பெரிய தொகைக்கே கிடைக்காத தலையீடு தனிமனிதரின் டோக்கனுக்குக் கிடைக்காது.

யாரிடம், எதைக் கொண்டு போவது

வழி இருக்கிறது என்று கண்டறிந்தவர், பெற்ற ஒப்பந்தத்தை நடத்துபவருக்கோ டோக்கன் வெளியீட்டாளருக்கோ எழுத வேண்டும். பரிவர்த்தனையின் அடையாள எண், டோக்கனின் ஒப்பந்த முகவரி, பெற்ற முகவரி, தொகை, எந்தச் செயல்பாட்டால் எடுக்க முடியும் என்ற விவரம் ஆகியவை போதும். கடைசியாகச் சொன்னதைச் சேர்த்தால் பதில் வரும் வாய்ப்பு கூடும், ஏனெனில் ஆதரவுப் பிரிவில் முதலில் படிப்பவர் பெரும்பாலும் நிரலை அறிந்தவராக இருக்க மாட்டார். அனுப்பியது நீங்கள்தான் என்பதற்குச் சான்றாக, அதே வாலட்டிலிருந்து ஒரு செய்தியைக் கையொப்பமிட்டுத் தரலாம், அதற்குக் கட்டணமும் இல்லை, டோக்கன் எதுவும் நகர்வதும் இல்லை. டோக்கனைப் பரிமாற்றகத்திலிருந்து எடுக்கும்போது தவறான முகவரியைக் கொடுத்திருந்தால் பதிவில் அனுப்புநராக இருப்பது பரிமாற்றகத்தின் வாலட், அதன் சார்பில் உங்களால் கையொப்பமிட முடியாது. ஆகவே கோரிக்கை அவர்கள் வழியாகவே போக வேண்டும்.

இந்தத் தேடலின்போது, மீட்டுத் தருகிறோம் என்று தாமாக வந்து பேசுபவர்களைச் சந்திப்பீர்கள். அவர்களைச் சோதிக்க மேலே பார்த்த கேள்வியே போதும்: எந்த ஒப்பந்தத்தின் எந்தச் செயல்பாட்டை, எந்த முகவரியிலிருந்து அழைக்கப் போகிறீர்கள்? இதற்குப் பெயர் சொல்லி விடை தர முடியாதவரிடம் வழி இல்லை. முன்பணமோ மீட்புச் சொற்றொடரோ கேட்பவர் மீட்க வந்தவர் அல்லர். எந்த உண்மையான மீட்புக்கும் உங்கள் தனித்திறவுகோல் தேவைப்படாது, ஏனென்றால் சிக்கிய இருப்பு இப்போது உங்கள் முகவரியில் இல்லை.

பதில் வராவிட்டாலும், அனுப்பிய வாலட்டின் திறவுகோலை அழித்துவிட வேண்டாம். பேரேட்டில் உள்ள இருப்புக்குக் காலாவதி கிடையாது, USDC-இல் நடந்ததைப் போல ஒரு மேம்படுத்தல் பின்னொரு நாளில் வரலாம். அப்போது அந்தத் தொகை உங்களுடையது என்று காட்டுவதற்கு அந்த ஒரு கையொப்பத்தைத் தவிர வேறு சான்று உங்களிடம் இருக்காது.